சிவப்பு: மூன்று பதில்களில் எனக்குச் சரிப்பட்டது எது?

தக்காளி சிவப்பு, செங்கல் சிவப்பு, தெருமுனைத் தபால் பெட்டியும் சிவப்பு. மூன்றும் வேறு வேறு பொருட்கள், ஆனாலும் மூன்றையும் சிவப்பு என்கிறோம். அப்படிச் சொல்ல வைப்பது எது? தத்துவத்தில் பொதுமைகளின் சிக்கல் என்று பேசப்படுவது இதுதான். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதில் ஒரு பக்கம் எடுத்துப் பேச வேண்டியிருந்தது. பெயர்வாதம், மெய்ம்மைவாதம், ஒப்புமைவாதம் என்று மூன்று பதில்கள் முன்னால் இருந்தன. சிவப்பானவை ஒன்றையொன்று ஒத்திருப்பதே போதும் என்கிற ஒப்புமைவாதத்தை நான் எடுத்தேன். அதன் பக்கம் ஏன் சாய்ந்தேன், எங்கே தயங்கினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் சம இடம் கிடைக்காது என்று முன்பே சொல்லிவிடுகிறேன்.

பெயர்வாதத்தை முதலில் முடித்துவிடலாம். அதன் முரட்டு வடிவம் இது: மூன்றுக்கும் பொதுவாக ‘சிவப்பு’ என்ற சொல் இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு எழும் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. பேச ஆளே இல்லாத காலத்திலும் இரத்தம் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். சொல் பொருந்துவதால் பொருள் சிவப்பாகவில்லை. பொருள் சிவப்பாக இருப்பதால்தான் சொல் பொருந்துகிறது. சொல்லுக்குப் பதிலாக ‘சிவப்புப் பொருட்களின் தொகுதி’ என்று வைத்துப் பார்த்தாலும் கேள்வி அப்படியே நிற்கும்: அந்தத் தொகுதியில் தக்காளி ஏன் இருக்கிறது, வெண்டைக்காய் ஏன் இல்லை? 14-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஓக்கம் என்பவரைப் பெயர்வாதத்தின் தலைவராகச் சொல்வார்கள். ஆனால் அவர் இவ்வளவு முரட்டுத்தனமாகப் பேசியவர் அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய தனித்தனிப் பண்புகள் உண்டு என்று ஏற்றவர். இரண்டு மனிதர்கள் தம்மளவிலேயே ஒத்திருக்கிறார்கள், அதற்கு மூன்றாவதாக ஒன்று தேவையில்லை என்பதும் அவர் கருத்து. என் கணக்கில் அவர் பாதி ஒப்புமைவாதி.

மெய்ம்மைவாதம் வலுவான எதிராளி. தக்காளியிலும் தபால் பெட்டியிலும் உண்மையாகவே ஒரே ஒன்று இருக்கிறது, அதுதான் சிவப்பு என்ற பொதுமை என்கிறது அது. பிளேட்டோ அதைப் பொருட்களுக்கு அப்பால் வைத்தார், அரிஸ்டாட்டில் பொருட்களுக்குள்ளேயே வைத்தார். நம் பக்கத்தில் வைசேடிகம் என்ற இந்தியத் தத்துவ மரபினர் ‘சாமானியம்’ என்று இதற்கு ஒரு தனி வகையே ஒதுக்கினார்கள். மணிமேகலையில் சமயவாதிகள் வரிசையாகப் பேசும் இடத்தில் வைசேடிகவாதி அடுக்கும் பட்டியலிலும் சாமானியம் உண்டு. நம் காலத்தில் இந்தக் கட்சிக்காக மிகவும் வாதாடியவர் ஆஸ்திரேலியரான டேவிட் ஆம்ஸ்ட்ராங். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொதுமை உண்டு என்று அவர் சொல்லவில்லை. எது பொதுமை, எது இல்லை என்பதை அறிவியல்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

மெய்ம்மைவாதத்தின் கவர்ச்சி அதன் எளிமையில் இருக்கிறது. ஏன் ஒத்திருக்கின்றன என்று கேட்டால், ஒரே ஒன்றைப் பகிர்வதால் என்று பதில் வரும். கேள்வி அங்கேயே தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு கொஞ்சம் கிளறினால் கணக்கு மாறுகிறது. என்னைத் தீர்மானிக்க வைத்தது இந்த ஒரு விஷயம்தான்.

சிவப்பு ஒன்றல்ல. புடவைக் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: தக்காளிச் சிவப்பு வேறு, அரக்கு வேறு, மிளகாய்ப் பழச் சிவப்பு வேறு. மெய்ம்மைவாதி இவற்றை என்ன செய்வார்? எல்லாவற்றுக்கும் ‘சிவப்பு’ என்று ஒரே பொதுமை என்றால், தக்காளிச் சிவப்புக்கும் அரக்குக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற வேற்றுமைக்கு அந்தப் பொதுமையில் விளக்கம் இல்லை. சரி, ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு பொதுமை என்று வைத்துக்கொள்வோம். அப்போது தக்காளிச் சிவப்பும் அரக்கும் இரண்டு வெவ்வேறு பொதுமைகள். அவை இரண்டையும் சிவப்பாக்குவது எது? மேலே இன்னொரு பொதுமை, ‘சிவப்பாயிருத்தல்’ என்று ஒன்றை ஏற்றலாம். அப்படியும் தீராது. தக்காளிச் சிவப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அது அரக்கைவிட ஆரஞ்சுக்கு நெருக்கமாகத் தெரியும். அரக்கோடு பகிர்வது சிவப்பை, ஆரஞ்சோடு பகிர்வது அந்தச் சிவப்பை அல்ல. ஆனாலும் ஆரஞ்சுதான் நெருக்கம். ஒன்றைப் பகிர்கிறதா, இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்கள்தான் உண்டு. நெருக்கம் கூடும், குறையும்.

ஆம்ஸ்ட்ராங் இதற்கு ஒரு வழி பார்த்தார். இரண்டு பொதுமைகள் ஒத்திருப்பது, அவற்றுக்குப் பொதுவான பகுதிகள் இருப்பதால் என்றார். எடைக்கு இது அழகாகப் பொருந்தும்: மூன்று கிலோவுக்குள் இரண்டு கிலோ ஒரு பகுதியாக அடங்கியிருக்கிறது. சாயலுக்குள் எதை வெட்டுவது? வெளிர்ப்பு, அடர்த்தி என்று சிலவற்றைப் பிரித்து எடுத்தாலும், சிவப்பு ஆரஞ்சை நோக்கிச் சாயும் அந்தச் சாய்வு மட்டும் பிரியாமல் நிற்கிறது. ஹியூம் 1740-இல் தம் நூலின் பிற்சேர்க்கையில் இதைத் தொட்டிருக்கிறார். நீலமும் பச்சையும் எளிய எண்ணங்கள், அவற்றுக்குள் பகுதிகள் கிடையாது. ஆனாலும் நீலமும் சிவப்பும் ஒத்திருப்பதைவிட அவை அதிகம் ஒத்திருக்கின்றன என்கிறார்.

பொருளின் பரப்பு எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற வரைபடத்தில் அந்தப் பகுதிகளைத் தேடலாமே என்று மெய்ம்மைவாதி கேட்கலாம். அதற்கும் புடவைக் கடையிலேயே பதில் இருக்கிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் புடவையோடு அச்சாகப் பொருந்திய ஜாக்கெட் துணி, வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்தால் வேறு சிவப்பாகத் தெரிவதுண்டு. இரண்டு துணிகளின் சாயக் கலவைகளும் வேறு, திருப்பி அனுப்பும் ஒளியின் வரைபடங்களும் வேறு. கடை வெளிச்சத்தில் மட்டும் அவை கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரிகின்றன. ஆகவே வரைபடம்தான் நிறம் என்றால், ஒன்றாகத் தெரிந்தவை ஒன்றல்ல என்று ஆகிவிடும். கண்ணுக்குத் தெரிவதுதான் நிறம் என்றால், உள்ளே பகிரப்படும் பகுதி எதுவும் அகப்படவில்லை.

கடைசியில் மெய்ம்மைவாதியும், ‘இந்தப் பொதுமை அந்தப் பொதுமையை இவ்வளவு ஒத்திருக்கிறது, இதற்கு மேல் கேட்காதே’ என்று சொல்லித்தான் ஆகவேண்டும். ஒப்புமைக்கு அவரும் விலை கொடுக்கிறார், அதற்கு மேல் பொதுமைகளுக்கும் கொடுக்கிறார். நான் ஒப்புமைக்கு மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒப்புமைவாதம் எப்படி வேலை செய்கிறது? 1953-இல் எச். எச். பிரைஸ் கொடுத்த வடிவம் எனக்குப் பிடித்தது. சிவப்பு என்ற வகைக்குச் சில முன்மாதிரிகள் இருக்கின்றன. அவர் சொன்ன உதாரணம் ஒரு தக்காளி, ஒரு செங்கல், ஒரு பிரிட்டிஷ் தபால் பெட்டி. இவை ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ, அந்த அளவுக்காவது இவற்றை ஒத்திருக்கும் எதுவும் சிவப்பு. முன்மாதிரிகளின் தேர்வைக் கவனியுங்கள். வடிவம், அளவு, கெட்டித்தன்மை எல்லாவற்றிலும் மூன்றும் வேறுபடுகின்றன. வெறும் தக்காளிகளை மட்டும் வைத்திருந்தால் பச்சைத் தக்காளிகூட உள்ளே நுழைந்துவிடும், ஏனென்றால் அது சிவப்புத் தக்காளியை வெகுவாக ஒத்திருக்கிறது. தபால் பெட்டி பக்கத்தில் நிற்பதால் அது வெளியே போகிறது. விளிம்பில் நிற்கும் சாயல்களுக்கும் இதில் இடம் இருக்கிறது: ஆரஞ்சு கலந்த ஒன்று சிவப்பா இல்லையா என்று தடுமாறினால், அந்தத் தடுமாற்றம் நெருக்கம் குறைந்ததைத்தான் காட்டுகிறது.

இதற்கு எதிரான புகழ்பெற்ற அடி ரஸ்ஸல் 1912-இல் கொடுத்தது. இதுவும் அதுவும் ஒத்திருக்கின்றன, அதுவும் வேறொன்றும் ஒத்திருக்கின்றன. அப்படியானால் ஒத்திருத்தல் என்பதே பல இடத்தில் வரும் ஒரு பொதுமைதானே? ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டால் மற்றவற்றை ஏன் தடுக்க வேண்டும்? கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு சிவப்புகளை வைத்துவிட்டால் அவற்றின் ஒப்புமை தானாகவே வந்துவிடுகிறது, அது மூன்றாவதாகச் சேர்க்க வேண்டிய சரக்கு அல்ல. அப்புறம் மெய்ம்மைவாதிக்கும் இதே நோய் உண்டு: பொதுமை பொருளில் ‘இருக்கிறது’ என்கிறாரே, அந்த இருத்தல் இன்னொரு பொதுமையா? இந்தச் சுற்றை நான் சமன் என்று எழுதிக்கொண்டேன்.

இதைவிட ஆழமாக வெட்டுவது 1951-இல் நெல்சன் குட்மன் எடுத்துவைத்த சிக்கல். ஒரு சிவப்பு ரப்பர் பந்து, சாயம் பூசாத மரப் பந்து, சிவப்பு மரப்பெட்டி. முதல் இரண்டும் உருண்டை, பின்னிரண்டும் மரம், முதலும் மூன்றும் சிவப்பு. எந்த இரண்டை எடுத்தாலும் ஒப்புமை இருக்கிறது, மூன்றுக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை. அப்படியென்றால் ஒப்புமையை மட்டும் கொண்டு சிவப்பு என்ற வகையை எப்படிப் பிரித்தெடுப்பது?

இங்கேதான் நான் பிரைஸை விட்டு ஒரு அடி தள்ளி நின்றேன். ஒத்திருப்பவை முழுப் பொருட்கள் என்று வைத்தால் குட்மன் பிடியிலிருந்து தப்புவது கடினம். ஒத்திருப்பவை இந்தப் பந்தின் சிவப்பும் அந்தப் பெட்டியின் சிவப்பும் என்று வைத்தால் பிடி தளர்கிறது. பந்தின் சிவப்பு அந்தப் பந்துக்கு மட்டுமே உரியது, பெட்டியின் சிவப்பு பெட்டிக்கு மட்டுமே. இப்படி ஒரு பொருளுக்கே உரிய பண்பைத் தனிப்பண்பு என்று வைத்துக்கொள்வோம். டி. சி. வில்லியம்ஸ் 1953-இல் இதைத் தெளிவாக வாதிட்டார். பந்தின் உருண்டைத்தன்மையும் பெட்டியின் சிவப்பும் ஒத்திருப்பதில்லை, ஆகவே குழப்பம் வராது. பிராங்க் ஜாக்சன் 1977-இல் கொடுத்த இடறலும் இதில் விலகுகிறது. சிவப்பு நீலத்தைவிட இளஞ்சிவப்பை ஒத்திருக்கிறது என்பதைப் பொருட்களின் ஒப்புமையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் சிவப்புப் பந்து ஒன்று இளஞ்சிவப்பு யானை பொம்மையைவிட நீலப் பந்தைத்தான் ஒத்திருக்கும். நிறத்தை நிறத்தோடு மட்டும் ஒப்பிட்டால் பந்தும் யானையும் நடுவில் வருவதில்லை.

இந்தத் தனிப்பண்புகள் உலகில் உண்மையாகவே தனித்தனியாக இருக்கின்றனவா என்று அழுத்திக் கேட்டால் எனக்குக் கால் கொஞ்சம் நடுங்கும். இரண்டு தக்காளிகளின் அச்சாக ஒத்த சிவப்புகளை இடம் மாற்றிவிட்டால் என்ன மாறியிருக்கும் என்று கேட்பார்கள். ஒன்றும் மாறவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அப்படிச் சொன்னால் அவை இரண்டா ஒன்றா என்ற பழைய கேள்வி திரும்பவும் வாசலில் வந்து நிற்கிறது. உலகில் ஒரே ஒரு சிவப்புப் பொருள் மட்டும் இருந்தால் அது எதை ஒத்திருக்கும் என்ற கேள்விக்கும், முன்மாதிரிகளை நம்பும் பிரைஸைவிட, தன் சிவப்பைத் தன்னோடு வைத்திருக்கும் தனிப்பண்பு நல்ல பதில் தருகிறது என்றே நினைக்கிறேன்.

சிவப்பை விட்டு எலக்ட்ரானுக்குப் போனால் என் சாய்வு தளர்கிறது. அங்கே சாயல்கள் இல்லை. எல்லா எலக்ட்ரான்களுக்கும் ஒரே மின்னூட்டம், கூடுதல் குறைவு கிடையாது. அளவோடு வரும் ஒப்புமைதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது என்பதால், அந்த இடத்தில் ஆம்ஸ்ட்ராங்கோடு வாதாட என் கையில் பெரிதாக எதுவும் இல்லை.