ஆல்ட்டோவுக்குள் ஒளித்து வைத்த ஜிபிஎஸ்: மூன்று வருடத்துக்குப் பிறகு

என்னுடைய ஆல்ட்டோவில் ஜிபிஎஸ் டிராக்கர் பூட்டி மூன்று வருடம் தாண்டிவிட்டது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், கேற்றுக்கு வெளியில்தான் கார் நிற்கும். எந்த மாடல் நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரப்போகிறது?

காரின் கோளாறு பார்க்கிற ஓபிடி சொக்கற்றில் குத்துகிற வகை ஒரு நிமிட வேலை. ஆனால் ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டால் கழற்றியும்விடலாம். காந்தத்தால் ஒட்டுகிற, சொந்தப் பற்றரியில் ஓடுகிற வகைக்கு வயர் இல்லை, தேடிப்பிடிப்பதும் கடினம். ஆனால் ஒரு சார்ஜில் வாரக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் நாளைக்கு ஓரிரு தடவைதான் இடத்தைச் சொல்லும். நான் எடுத்தது காரின் 12 வோல்ட்டில் இணைக்கிற சின்னப் பெட்டி. மீற்றர் போர்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக்குக்கு அடியில், அன்ரெனாப் பக்கம் வானத்தைப் பார்க்க வைத்திருக்கிறது. மேலே இரும்புத் தகடு வந்தால் சிக்னல் போய்விடும். மினுங்குகிற லைட்டுக்கு மேல் கறுப்பு ரேப்.

அதில் மூன்று வயர்கள் முக்கியம். ஒன்று சாவி இல்லாமலும் கரண்ட் வருகிற இடத்துக்கு, 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றின் வழியாக. இன்னொன்று பொடி ஏர்த்துக்கு. மூன்றாவது சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற ஏசிசி வயருக்கு. பூட்ட வந்த வயரிங் பாஸ், "அது இல்லாமலும் வேலை செய்யும் தம்பி" என்று மூன்றாவதைச் சுருட்டி ரேப் ஒட்டப் பார்த்தார். வேலை செய்யும்தான். ஆனால் கார் நிற்கிறதா ஓடுகிறதா என்று பெட்டிக்குத் தெரியாது, அதனால் தூங்காது.

மல்டிமீற்றரை பற்றரியின் மைனஸ் பக்கத்தில் தொடராகப் போட்டு, கதவெல்லாம் பூட்டி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். காருக்கு மட்டும் சுமார் 20 மில்லி ஆம்பியர். டிராக்கர் விழித்திருந்தால் மொத்தம் 60, தூங்கினால் 25. என் பற்றரி 35 ஆம்பியர் மணி. அதில் பாதிக்கு மேல் இறங்கினால் ஸ்டார்ட் ஆவது சந்தேகம். 60 என்றால் ஒரு நாளைக்கு 1.44 ஆம்பியர் மணி போகும், பன்னிரண்டு நாளில் பாதி முடியும். 25 என்றால் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும், அதுவும் பற்றரி புதிதாக இருந்தால். தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் பஸ்ஸில் போய் இரண்டு வாரம் நிற்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம்தான் பெரிது.

அலாரம் விஷயம் இதைவிடத் தலையிடி. அதிர்வு அலாரத்தை இந்தப் பக்கம் போடவே முடியாது. கரையோர ரயில் ஒவ்வொரு முறை போகும்போதும் ஃபோன் அடிக்கும். உணர்திறனைக் குறைத்தால் உண்மையான தட்டும் தெரியாமல் போகிறது. அதை நிறுத்திவிட்டு, சாவி அணைந்திருக்கையில் கார் 200 மீற்றருக்கு மேல் நகர்ந்தால் எச்சரிக்கச் சொன்னேன். கட்டி இழுத்தாலும் இது பிடிக்கும். 50 மீற்றர் என்று வைத்தால், மாடிக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கிற காரே நடந்து போவதாக மேப் காட்டும்.

பெட்டிக்கு வருகிற கரண்ட் துண்டிக்கப்படுவதும், இரவு பதினொன்றிலிருந்து ஐந்து வரை சாவி திரும்புவதும் மட்டும் அழைப்பாக வரும், மற்றதெல்லாம் மெசேஜ். பெட்டிக்குள் இருக்கிற சிம்மின் நம்பரை, ஃபோன் சைலன்ற்றில் இருந்தாலும் அடிக்கும்படி விசேட தொடர்பாகப் போட்டிருக்கிறேன். இது இல்லாவிட்டால் அலாரத்தைக் காலையில் எழும்பித்தான் பார்ப்போம்.

கடைத்தொகுதிகளின் நிலத்தடித் தரிப்பிடத்தில் பெட்டி தொடர்பிழந்துவிடும், ஆப் "ஆஃப்லைன்" என்று காட்டும். சிக்னலை மறிக்கிற ஜாமர் வைத்தாலும் பார்ப்பதற்கு இதே மாதிரித்தான் இருக்கும். பகலில் நான் பொருட்படுத்துவதில்லை. இரவில் வீட்டு வாசலில் நிற்கிற கார் அப்படிக் காட்டினால் இறங்கிப் போய்ப் பார்ப்பேன். எஞ்சினை நிறுத்துகிற ரிலேயையும் பூட்டித் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். காலி வீதியில் ஓடுகிற காரின் எஞ்சின் நின்றால் பின்னால் வருகிற பஸ்காரருக்கு அது தெரியாது.

கவனிக்காமல் தேய்வது உள்ளே இருக்கிற சின்ன லித்தியம் பற்றரி. வயரை வெட்டிய பிறகு இடம் சொல்ல மிஞ்சுவது அது மட்டும்தான். புதிதில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தபோது மூன்று மணி நேரம் தாங்கியது. வெயிலில் நிற்கிற காரின் சூடு அதைச் சாப்பிட்டுவிட்டது, போன மாதம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. மூடியைத் திறந்தால் பற்றரி உப்பியிருந்தது. அதே அளவில் வேறொன்று வாங்கி மாற்றினோம். சிம்மும் அப்படித்தான்: ரீலோட் முடிந்தால் எந்தச் சத்தமும் இல்லாமல் செத்துப்போகும், அதனால் என் ஃபோன் பில்லோடு அதற்கும் போட்டுவிடுகிறேன்.