நிறமா, குரலா? பத்து விநாடி வீடியோவில் ஒரு குக்குறுவான்

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஆலமரத்து உச்சிக் கிளையில் எடுத்த வீடியோவைத் தங்கச்சி அனுப்பியிருந்தாள். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய, தடித்த அலகுள்ள பச்சைப் பறவை. அது ஆலம்பழம் தின்றுவிட்டு, கிளை நுனியில் அசையாமல் உட்கார்ந்து கூவியது. நடத்தை இவ்வளவுதான் சொல்லும்: சின்னக் குக்குறுவான். இனம் எது என்பதை நிறமும் குரலும்தான் தீர்க்க வேண்டும்.

போட்டி இரண்டு பறவைகளுக்கு இடையில். ஒன்று, கொழும்புத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும், இலங்கைக்கே உரிய செந்நெற்றிச் சின்னக் குக்குறுவான். மற்றது செம்மார்புக் குக்குறுவான், பெரும்பாலும் உலர் வலயத்துப் பறவை. நிறத்தில் வேறுபாடு தெளிவுதான். முதலாவதன் முகப் பக்கம் நீலம், வயிறு கோடில்லாத பச்சை. இரண்டாவதன் தொண்டை மஞ்சள், வெளிறிய வயிற்றில் பச்சைக் கோடுகள். ஆனால் வானத்துக்கு எதிராக எடுத்த போன் வீடியோவில் பறவை கறுத்துப்போகும். திரும்பும் ஒரு கணத்தில் வயிறு தெரிந்தால் அந்தக் காட்சியை நிறுத்திப் பாருங்கள், நெற்றிச் சிவப்பைவிடக் கோடுகள்தான் உதவும். இளம் பறவைகளில் சிவப்பு இருக்காது என்பதால் அதை நம்பக்கூடாது. அவற்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் சாய்வு குரல் பக்கம். செம்மார்பன் நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல், ஒரே சீராக "டுக்... டுக்... டுக்" என்று தட்டிக்கொண்டே போகும், செம்புக் கொல்லன் சுத்தியல்போல. நம்மூர்ப் பறவையோ விரைவாக "பொப்-பொப்-பொப்" என்று ஒரு கொத்து கூவி, நிறுத்தி, மறுபடி தொடங்கும். நிறம் தெரியாவிட்டாலும் இந்த இடைவெளி தெரியும்.

ஆனால் குரல் அந்தப் பறவையுடையதுதானா? எல்லாம் இதில்தான் இருக்கிறது. கொழும்பில் கொட்டோருவா என்ற பெரிய குக்குறுவானின் "குட்ரூ குட்ரூ" எந்த வீடியோவிலும் நுழைந்துவிடும். குக்குறுவான்கள் அலகைத் திறக்காமலே கூவும், அதனால் அலகைப் பார்த்துப் பயனில்லை. தொண்டையைப் பாருங்கள், ஒவ்வொரு ஒலிக்கும் அது உப்பும். முதலில் ஒலியை அணைத்துவிட்டு உப்பும் தாளத்தைக் கவனியுங்கள், அப்புறம் ஒலியோடு மெதுவாக ஓட்டுங்கள். ஒலி சற்றுப் பின்தங்கினால் பயப்படவேண்டாம்: 34 மீட்டர் தூரத்திலிருந்து சத்தம் வரப் பத்தில் ஒரு விநாடி ஆகும், விநாடிக்கு 30 பிரேம் வீடியோவில் மூன்று பிரேம். அந்தப் பின்தங்கல் கடைசிவரை மாறாமல் இருந்தால் குரல் இந்தப் பறவையுடையது. கூடிக் குறைந்தால் கூவுவது வேறொன்று.

தங்கச்சியின் வீடியோவில் தொண்டையும் ஒலியும் கொத்துக் கொத்தாக ஒன்றாகவே நின்றன. ஒரு காட்சியில் தெரிந்த வயிற்றிலும் கோடில்லை. செந்நெற்றிதான். மூன்று விநாடி வீடியோவாக இருந்திருந்தால் கொத்துக்கிடையிலான நிறுத்தமே பதிவாகியிருக்காது. அப்போது "குக்குறுவான்" என்று மட்டும் குறித்துவிட்டு, பழம் தீரும்வரை அதே மரத்துக்கு வரும் பறவையை இன்னும் நீளமாக எடுக்கச் சொல்லியிருப்பேன்.