மூன்று வருடம் விஏ மானிட்டரோடு: தீமிதிப் படங்கள் சொன்ன கதை

போன மாதம் விஏ வகைத் திரை கொண்ட என் 27 அங்குல மானிட்டரின் அடாப்டர் செத்துப்போனது. பழுது பார்த்துத் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை அத்தை மகனிடம் இருந்த, ஐபிஎஸ் என்ற வேறு வகைத் திரை கொண்ட மானிட்டரை இரவல் வாங்கி வைத்திருந்தேன். மூன்று வருடமாக எனக்குப் பிடிபடாத ஒரு விஷயம் அந்த இரண்டு வாரத்தில்தான் புரிந்தது.

ரோஸ்ஹில்லில் இருக்கிறேன். கோவில் விழாக்களைப் படமெடுத்து, திருத்தி, அச்சுக்குக் கொடுப்பேன். தீமிதிப் படம் என்றால் பாதிக்கு மேல் இருட்டுதான்: கறுத்த வானம், சிவந்த தணல், அந்த வெளிச்சத்தில் பாதி தெரியும் முகங்கள். விஏ வாங்கியதே இதற்காகத்தான். ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் 1000:1, விஏவில் 3000:1 பக்கம். விஏவில் திரவப் படிகங்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும்போது பின்விளக்கின் ஒளி நன்றாக அடைபட்டுவிடுகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் வானம் வானமாகவே இருக்கும். இன்றைக்கும் அந்தக் கறுப்பைப் பார்த்தால் மனம் நிறைகிறது. இரவல் ஐபிஎஸ்ஸில் அதே வானம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது, மூலைகளில் வெளிறிய ஒளி வேறு.

ஆனால் அச்சாகி வந்த படங்களில் நிழல் எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும். தணலுக்குப் பின்னால் நிற்பவர்களின் முகம் புகை படிந்ததுபோல் வரும். அச்சகத்தோடு இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன். தவறு அவர்களுடையது அல்ல.

ஐபிஎஸ்ஸில் அதே கோப்பைத் திறந்தபோது, அச்சில் வந்த அந்த வெளுப்பு திரையிலேயே தெரிந்தது. விஏவை நேருக்கு நேர் பார்த்தால், கறுப்பை ஒட்டிய மிக அடர்ந்த நிறங்கள் கறுப்போடு கறுப்பாக அமுங்கிவிடும். சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தால் அதே நிழல் வெளுத்துத் துலங்கும். நேரே உட்கார்ந்து வேலை செய்யும் நான், முகம் தெரியவில்லையே என்று நிழலை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் இருந்து பார்க்கும் என் மனைவி "போதுங்க, ரொம்ப வெளுக்குது" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தெரிந்த படம் வேறு, எனக்குத் தெரிந்தது வேறு.

மானிட்டர் திரும்பி வந்ததும் சோதித்துப் பார்த்தேன். முழுக் கறுப்புப் பின்னணியில், கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில் நிற மதிப்பு 2, 4, 6 என்று 20 வரை சின்னச் சின்னக் கட்டங்கள் வரைந்தேன். நேரே பார்த்தால் 10க்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தலையை ஒரு முழம் நகர்த்தியதும் 4 தெரிந்தது. ஐபிஎஸ்ஸில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே எண்ணிக்கைதான். பெட்டியில் இரண்டுக்குமே 178 பாகை என்றுதான் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோணம் வரை வெள்ளை கறுப்பு விகிதம் 10:1க்குக் குறையாது என்பதே அதன் பொருள். நிழல் மாறாது என்று அந்த எண் உறுதி தரவில்லை.

எரிச்சல் மூட்டும் இன்னொன்று, கறுப்புப் பின்னணியில் படப் பட்டியலை நகர்த்தும்போது பின்னால் இழுபடும் கரி போன்ற தடம். கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்குப் போகும்போது படிகத்துக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் சிறியது, அதனால் அது மெல்லத்தான் சாய்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிவிநாடி. அதற்குள் முடியாத மாற்றம் அடுத்த சட்டகத்திலும் ஒட்டிக்கொள்கிறது. படிகத்தை வேகமாகச் சாய்க்கும் ஓவர்டிரைவ் அமைப்பைக் கூட்டினால் தடம் குறைகிறது, ஆனால் நகரும் எழுத்தின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு வந்துவிடுகிறது. அதனால் நடு நிலையில் விட்டிருக்கிறேன். நிறம் மாறும் நேரம் என்று பெட்டியில் போடும் 1 மில்லிவிநாடி எல்லா நிற மாற்றத்துக்கும் பொருந்தாது.

டிஎன் என்ற மூன்றாவது வகைத் திரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோவில் அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது. வேகமானது, விலையும் குறைவு. ஆனால் நின்று மேலிருந்து பார்த்தால் வெளுக்கிறது, தாழ உட்கார்ந்து கீழிருந்து பார்த்தால் முகங்கள் நெகடிவ் மாதிரி தலைகீழாகின்றன. வரவு செலவு எழுத அது போதும், படத்துக்கு ஆகாது.

இப்போது தம்பி முறையில் ஒருவர் கேட்கிறார்: "அண்ணே, மகள் ஓவியம் வரையிறா, எது வாங்கட்டும்?" ஐபிஎஸ் வாங்கு என்று சொல்லிவிட்டேன். அவள் அறையில் ஜன்னல் வெளிச்சம் உண்டு. பகல் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்கும்போது விஏவின் கறுப்பும் சாம்பலாகிவிடும். அதற்குக் கொடுக்கும் காசு அங்கே வீண். என்னுடையதை நான் மாற்றப்போவதில்லை, இரவில் தணலை அதில் பார்ப்பதுபோல் வேறெதிலும் பார்க்கவில்லை. அச்சுக்கு அனுப்பும் முன் மட்டும் அத்தை மகன் வீட்டுக்குப் போய்ப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.