20000 என்று அச்சடித்திருந்தால் நம்பி வாங்கிவிடாதீர்கள்

மதுரையில் ஒரு மொபைல் கடையில் பவர் பேங்க், சார்ஜர், கேபிள் மூன்றும் சேர்ந்த செட்டை 1,499 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்திருக்கிறேன். அதே அட்டைப்பெட்டி வேறு கடைகளிலும் தொங்குவதைப் பார்த்ததால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. கேபிள் அழகாக வட்டமாகச் சுருட்டி, சின்னப் பட்டை போட்டுக் கட்டியிருந்தது. டைப்-சி துளையின் விளிம்பில் பிசிறே இல்லை. பட்டனை அழுத்தினால் நான்கு நீல விளக்குகள் வரிசையாக எரிந்தன. கையில் எடுத்தால் நல்ல கனம். மேலே பெரிய எழுத்தில் 20000 எம்ஏஎச்.

என் போனின் பேட்டரி 5000 எம்ஏஎச். அதற்காக நான்கு முறை சார்ஜ் ஏறும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பவர் பேங்கின் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். அப்படி மாற்றும்போதும் போனுக்குள் ஏறும்போதும் கொஞ்சம் வீணாகும். ஆனாலும் நிஜமான 20000 என்றால் இரண்டரை முறையாவது ஏற வேண்டும். இதில் ஒரு முறை கூட முழுதாக ஏறவில்லை.

கடைக்காரரிடம் கொண்டுபோனதும், "நாலு லைட்டும் எரியுது பாருங்க சார், ஃபுல்லா இருக்கு" என்றார். இந்த இடத்தில்தான் பலரும் பேச்சிழந்து திரும்பிவிடுகிறோம். அந்த விளக்குகள் காட்டுவது உள்ளே இருக்கும் செல் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே. செல் பெரிதா சிறிதா என்பது அவற்றுக்குத் தெரியாது. சின்ன செல் நிரம்பினாலும் நான்கும் எரியும்.

கருவி எதுவும் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பவர் பேங்கைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டு மறுபடி சார்ஜ் போட்டு நேரத்தைப் பாருங்கள். 20000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர்-மணி, அதைச் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. என் பவர் பேங்கில் உள்ளீடு 5 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது 10 வாட் என்று போட்டிருந்தது. அந்தக் கணக்கில் நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் பிடிக்க வேண்டும். இதில் சுமார் மூன்று மணி நேரத்திலேயே நான்கு விளக்கும் எரிந்து நின்றுவிட்டது. பிறகு யுஎஸ்பி மீட்டர் வைத்துப் பார்த்தபோது 5 வோல்ட்டில் வெளியே வந்தது 4,300 எம்ஏஎச்தான். இழப்பைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், உள்ளே இருக்கும் செல் ஏழாயிரத்தைத் தொடாது.

சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர் பிரித்துக் காட்டினார். ஒரே ஒரு தட்டை செல், பக்கத்தில் கனத்துக்காகப் பசை போட்டு ஒட்டிய இரும்புத் தகடு. தயவுசெய்து நீங்களே பிரிக்காதீர்கள். லித்தியம் செல்லில் ஸ்க்ரூடிரைவர் முனை பட்டுக் கிழிந்தால் தீப்பிடித்துவிடும்.

அந்த டைப்-சி துளையும் பாதி ஏமாற்றுதான். செட்டில் வந்த ஏ-டு-சி கேபிளைப் போட்டால் பவர் பேங்க் சார்ஜ் ஏறும். லேப்டாப்புக்கு வைத்திருக்கும் நல்ல சி-டு-சி கேபிளையும் சார்ஜரையும் போட்டால் ஒரு விளக்கும் எரியவில்லை. டைப்-சி சார்ஜர், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மின்சாரத்தையே திறந்துவிடும். அதைத் தெரிவிப்பவை துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். சில பைசா விலையுள்ள அவற்றைக் கூட வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் கடையிலேயே சி-டு-சி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சார்ஜரின் முகப்பில் 65 வாட். அடிப்பக்கம் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தால் வெளியீடு 5 வோல்ட் 3 ஆம்பியர் என்று மட்டும் இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 15 வாட்.

கடைசியாக, பவர் பேங்கில் ஐஎஸ்ஐ போன்ற முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தன. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் வேறொரு நிறுவனத்தின் எல்இடி பல்பு வந்தது! கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய விஷயம் இது.

"சீல் பிரிச்சாச்சு, இனி எடுக்க மாட்டோம்" என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். கையில் ஜிஎஸ்டி பில் இருந்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மீட்டர் படம், பொடி எழுத்தின் படம், செயலியில் வந்த பக்கம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இதே செட்டை வாங்கியவர்கள் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.