எழுத்தே இல்லாத படத்தாள்: ஐக்கியா வழியா, லெகோ வழியா?

பாகங்களைப் பூட்டிச் சேர்க்க வழிகாட்டும் படத்தாளை எழுத்தில்லாமல் வரைவதில் மரச்சாமான் விற்கும் ஐக்கியாவும் பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோவும் பழுத்த கைகள். ஆனால் இருவரும் போகும் வழி வேறு.

முதலில் எண்கள். லெகோவில் ஒவ்வொரு படியின் மூலையிலும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அந்தப் படிக்கு வேண்டிய கட்டைகள் மட்டும் அதில் இருக்கும், பக்கத்தில் 2x, 4x என்று எண்ணிக்கையும். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையே. கடைசியில் பெரிய கட்டை ஒன்று மீந்தால் எந்தப் படியில் தவறினோம் என்று பின்னோக்கித் தேடலாம். ஐக்கியாவில் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் ஒன்று நிற்கும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஸ்க்ரூக்களைப் பிரிக்க அதுதான் துணை. பெயர் சொல்லாமலே அடையாளம் காட்டுகிறது என்பது சரி, ஆனால் ஆறு இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது கண்ணுக்கு வேலை. நீளம்தான் சிக்கல் என்றால் லெகோவின் டெக்னிக் என்ற தொகுப்பில் செய்வது எனக்குப் பிடித்த வழி. தண்டை அதன் அசல் அளவிலேயே அச்சிட்டு, 1:1 என்று போட்டுவிடுகிறார்கள். தண்டைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் போதும்.

ஆனால் திசையைக் காட்டுவதில் ஐக்கியா முந்துகிறது. பலகைகளைப் பூட்டும் வட்டமான கேம் லாக்கின் முகத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். ஸ்க்ரூ நுழையும் துளையை அது பார்க்க வேண்டும். திரும்பியிருந்தால் ஸ்க்ரூவின் தலை உள்ளே போகாது, நாமோ பலகைதான் சரியில்லை என்று நினைத்து முட்டித் தள்ளுவோம். இந்த மாதிரி இடத்தை வட்டத்துக்குள் பெரிதாக்கிக் காட்டி, தவறான நிலையையும் பக்கத்தில் வரைந்து பெருக்கல் குறியால் அடித்துவிடுவது ஐக்கியாவின் பழக்கம். லெகோ தவறைக் காட்டுவது அபூர்வம். பிழை நேர்ந்தாலும் கழற்றி மாட்டிவிடலாம். மரத்தூள் பலகையில் ஸ்க்ரூத் துளை ஒருமுறை பிய்ந்தால் பிய்ந்ததுதான்.

சரி, அடித்த படத்திலும் ஒரு ஆபத்து உண்டு. கண் முதலில் படத்தைப் பிடிக்கும், பெருக்கல் குறியை அப்புறம்தான். கோடு மெல்லியதாக இருந்தால் அடித்ததையே பார்த்துச் செய்துவிடுவார்கள்.

பெயரில்லாத ஒரு அலமாரியின் தாளை உறவுக்காரப் பாட்டியிடம் கொடுத்துப் பார்த்தேன். நான் வாயே திறக்கவில்லை. மூன்றாம் படியில் கை நின்றது. அங்கே படி எண்ணும் 4x என்ற எண்ணிக்கையும் ஒரே பருமன். "நாலாவதா இதைப் போடணுமாப்பா?" என்று கேட்டார். படி எண் பெரிதாகவும் தனியாகவும், எண்ணிக்கை சிறிதாகப் பாகத்தோடு ஒட்டியும் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

ஆகவே அலமாரிக்குத் தாள் வரைபவருக்கு என் தேர்வு கலவைதான்: பாகக் கட்டத்தை லெகோவிடம் எடுங்கள், அடித்த படத்தை ஐக்கியாவிடம். அந்தப் பெருக்கல் குறியை மட்டும் தடித்த கோட்டில் போடுங்கள்.