கலியாணத்துக்கு வரும் சொந்தங்களுக்கு ஹோட்டல் அறை: முகாமையாளருக்கு எந்தக் கடிதம் எழுதுவது?

திருகோணமலையில் ஆவணிக் கலியாணம் வைத்தால் ஒரு சங்கடம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை இங்கே கடல் அமைதியாக இருக்கும் காலம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் சுற்றுலாக்காரரால் நிறைந்திருக்கும். ஆடி முடிந்து முகூர்த்தம் தொடங்குவதும் அதே நாட்களில்தான். அந்த நேரத்தில் "எங்கள் சொந்தக்காரர் நிறையப் பேர் வருகிறார்கள், விலையைக் குறைத்துத் தாருங்கள்" என்று எழுதினால் முகாமையாளர் அசையமாட்டார். அறை காலியாகக் கிடந்தால் அந்த நட்டம் யாருக்கு என்பதுதான் அவருடைய கேள்வி. கடிதம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில் இரண்டு விதமாக இருக்கலாம். "இத்தனை அறைகளுக்கு நான் பொறுப்பு, ஆள் வராவிட்டாலும் பணம் தருவேன்" என்பது ஒன்று. "எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லி வருகிறவர்களுக்கு ஒரு விலை தாருங்கள், அவரவர் பதிந்து அவரவர் கட்டுவார்கள்" என்பது மற்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அறை, இரண்டு இரவு, வழக்கமான விலை ஒரு அறைக்கு ஒரு இரவுக்குக் காலைச் சாப்பாட்டோடு 22,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பேற்கும் கடிதத்துக்கு 17,000, பொறுப்பில்லாத கடிதத்துக்கு 20,000 கிடைக்கிறது. எல்லோரும் வந்தால் முதலாவதில் 1,20,000 ரூபா மிச்சம், இரண்டாவதில் 48,000. ஒரு அறை காலியானாலும் முதலாவதே மேல்: 76,000க்கு எதிராக 44,000. இரண்டு அறை காலியானால் கதை மாறுகிறது. முதலாவதில் 32,000தான் மிஞ்சும், இரண்டாவதில் 40,000. மூன்று காலியென்றால் முதலாவதில் கைக்காசு 12,000 போகும். "கட்டாயம் வாறம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, கடைசியில் மாமி வீட்டில் தங்கிவிடுகிற சொந்தங்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

காசை விட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் இருக்கிறது. பல ஹோட்டல்களில் உள்ளூர்க்காரருக்கு ரூபாவில் ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டொலரில் இன்னொரு விலை. தனித்தனியாகப் பதிந்தால் கனடாவிலிருந்து வரும் சித்தப்பா டொலர் விலையில் மாட்டிக்கொள்வார். மொத்தமாக எழுதும்போது எல்லோருக்கும் ஒரே ரூபா விலை என்று முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். அடுத்தடுத்த அறைகளும் அப்படித்தான். வயதானவர்களுக்குக் கீழ்த்தளம் வேண்டுமென்றால், பன்னிரண்டு பேர் பன்னிரண்டு நாளில் பதிந்தால் கிடைக்காது.

தை மாதக் கலியாணத்துக்கு நான் இப்படிச் சொல்லமாட்டேன். அப்போது இங்கே சுற்றுலாக் கூட்டம் குறைவு, அறைகள் கிடக்கும். பொறுப்பேற்காமலே நல்ல விலை கேட்கலாம், இரண்டாவது கடிதம் போதும். ஆவணியென்றால் இரண்டையும் கலந்து எழுதுவதுதான் சரி. நிச்சயமாக வருகிற ஒன்பது அறைக்குப் பொறுப்பேற்று, மீதி மூன்றை ஒரு தேதிவரை பிடித்து வைக்கக் கேட்க வேண்டும். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வரலாம்:

"ஒன்பது அறைகளை உறுதியாக எடுத்துக்கொள்கிறோம், முற்பணம் கட்டத் தயார். மேலும் மூன்று அறைகளை விழாவுக்கு 21 நாள் முன்வரை எங்களுக்காக வைத்திருக்கவும். அதற்குள் நாங்கள் எழுத்தில் உறுதி செய்யாவிட்டால், எங்களிடம் கட்டணம் எடுக்காமல் அவற்றை நீங்கள் வேறு யாருக்கும் கொடுக்கலாம். பன்னிரண்டு அறைக்கும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உட்பட, ஒரே ரூபா விலை வேண்டும். சேவைக் கட்டணமும் வரிகளும் சேர்ந்த இறுதி விலையைத் தெரிவிக்கவும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீதப் பெறுமதிசேர் வரியும் பிறகு ஏறினால் 17,000 ரூபா அறை 21,760க்குக் குறையாது. கேட்டு வாங்கிய கழிவு கிட்டத்தட்ட முழுவதும் அதிலேயே போய்விடும்.

இன்னும் இரண்டு விஷயம் கடிதத்தில் இருக்கட்டும். கொழும்பிலிருந்து இரவோடு இரவாக வருகிறவர்கள் விடியவே வந்து இறங்குவார்கள், ஆனால் அறை பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குத்தான் தருவார்கள். முகூர்த்தம் காலையில் என்றால் குளித்து உடுத்த இரண்டு அறையாவது முன்னரே வேண்டும். வான் சாரதிகளுக்குப் படுக்கையும் சாப்பாடும் உண்டா என்றும் கேளுங்கள்.

பதில் "சரி, பார்த்துச் செய்வோம்" என்று வாயால் வந்தால் முற்பணம் கட்ட வேண்டாம். விலை, அறை எண்ணிக்கை, அந்த 21 நாள் தேதி மூன்றும் முகாமையாளரின் கையெழுத்தோடு அல்லது ஹோட்டலின் மின்னஞ்சலில் வந்த பிறகு கட்டுங்கள்.