பொங்கல் விடுப்பு: மூன்று தானியங்கிப் பதில்கள், எது வேலை செய்கிறது?

பொங்கலுக்குச் சிங்கப்பூரில் பொது விடுமுறை கிடையாது. ஊருக்குப் போக வேண்டுமென்றால் சொந்த விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். சப்ளையர்களுக்குப் பணம் அனுப்பும் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் 2026 ஜனவரி 12 திங்கள் முதல் 23 வெள்ளி வரை விடுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மின்னஞ்சலில் போட்டுவிட்டுப் போகக்கூடிய தானியங்கிப் பதில்கள் மூன்று. அலுவலகத்தில் இவற்றை ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். இங்கே தமிழில் தருகிறேன்.

முதலாவது: “விடுப்பில் இருக்கிறேன். மின்னஞ்சலை எப்போதாவதுதான் பார்க்க முடியும். திரும்பியதும் பதில் எழுதுகிறேன்.”

பலரும் போடுவது இதுதான். என் பார்வையில் மூன்றிலும் மோசமானதும் இதுதான். எப்போதாவது பார்ப்பேன் என்றால் அனுப்பியவர் காத்திருப்பார். இரண்டு நாள் கழித்து அதே கடிதத்தை மறுபடி அனுப்புவார், பிறகு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். ஊரில் பொங்கல் பானை கொதிக்கும் நேரத்தில் இன்வாய்ஸ் எண் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது: “23 ஜனவரி வரை விடுப்பு. அவசரமென்றால் என் சக ஊழியரிடம் கேளுங்கள்.”

தேதியும் ஆளும் இருப்பதால் இது மேல். ஆனால் “23 வரை” என்பதைப் படிப்பவர், 23ஆம் தேதி ஆள் இருப்பாரா மாட்டாரா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 24, 25 சனி, ஞாயிறு என்பதும் அதில் தெரியாது. விடுப்பு முடியும் நாளை விட, மேசையில் உட்காரும் நாளைக் கிழமையோடு எழுதுவதே தெளிவு: “26 ஜனவரி, திங்கள்.”

சக ஊழியர் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறோம். பக்கத்து மேசைத் தமிழரின் பெயரைப் போடுவோம். அவரும் 15ஆம் தேதி பொங்கலுக்கு விடுப்பில் இருப்பார். ஒரு வருடம் நானும் என் தோழியும் ஒருவரை ஒருவர் காட்டிவிட்டுப் போனோம். ஒரு சப்ளையரின் கடிதம் இரண்டு தானியங்கிப் பதில்களுக்கு நடுவே நான்கு நாள் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் ஆள் பெயரைப் போடுவதில்லை, பிரிவின் பொது முகவரியைத்தான் போடுகிறேன். அதை அந்த இரண்டு வாரமும் திறந்து பார்க்கப்போவது யார் என்பதைப் போகும் முன்பே பேசி வைப்பேன்.

மூன்றாவது: “26 ஜனவரி திங்கள் காலை திரும்புகிறேன். 30ஆம் தேதிக்குள் பணம் வர வேண்டிய இன்வாய்ஸ்களுக்குக் கணக்குப் பிரிவின் பொது முகவரிக்கு எழுதுங்கள். ஸ்டேட்மென்ட் சரிபார்ப்பு, புதிய சப்ளையர் பதிவு இரண்டும் காத்திருக்கலாம். 28ஆம் தேதிக்குள் பதில் வரும், மறுபடி அனுப்ப வேண்டாம். வங்கிக் கணக்கு எண் மாற்றம் எதுவும் நான் திரும்பும்வரை செய்யப்படாது.”

நான் தேர்ந்தெடுப்பது இதை. எது காத்திருக்கலாம் என்பதைப் பிரிக்க ஒரே கேள்வி போதும்: 28ஆம் தேதி பார்த்தால் பணமோ கெடுவோ தவறுமா? அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டின் பொருள், சேவை வரிப் படிவத்துக்கு 31 ஜனவரி கெடு. அது சனிக்கிழமை. 26 வந்தாலும் ஐந்து வேலை நாள் இருப்பதால் படிவம் காத்திருக்கலாம். டிசம்பர் சம்பளத்துக்கான மத்திய சேமநிதித் தொகைக்குக் கடைசி நாள் 14 ஜனவரி. அது விடுப்பின் நடுவே வருகிறது. அதை எந்தப் பதிலாலும் தள்ளிப்போட முடியாது. கிளம்பும் முன் கட்டிவிட வேண்டும், அல்லது ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு பற்றிய வரியை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். ஆள் இல்லை என்று தெரிந்ததும், சப்ளையர் எழுதுவதுபோல் “எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது” என்று மாற்று ஆளுக்குக் கடிதம் போடுவது மோசடிக்காரர்களின் பழைய வழி. அந்த வரி இருந்தால் மாற்று ஆளுக்கும் மறுப்பது எளிது. இதே காரணத்தால்தான் எங்கே போகிறேன், பணத்துக்கு ஒப்புதல் தருபவர் யார் என்பதை வெளியாட்களுக்கான பதிலில் எழுதுவதில்லை. அவுட்லுக்கில் நிறுவனத்துக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பதில்கள் வைக்கலாம். ஒப்புதல் விவரம் உள்ளே போகும் பதிலில் இருந்தால் போதும்.

நீளமாக இருக்கிறதே என்பார்கள். ஆனால் அலுவலக அவுட்லுக் ஒரே ஆளுக்கு விடுப்புக் காலம் முழுக்க ஒரு முறைதான் பதில் அனுப்பும். ஜிமெயில், அதே ஆள் திரும்ப எழுதினால் நான்கு நாளுக்குப் பிறகுதான் மறுபடி அனுப்பும். அந்த ஒரு கடிதத்திலேயே எல்லாம் இருந்தாக வேண்டும். கிளம்பும் முன் சொந்த முகவரியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். பதிலைத் திருத்திவிட்டு மறுபடி சோதிக்க வேண்டுமென்றால், அவுட்லுக்கில் அதை ஒரு முறை அணைத்துவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டாவது பதில் வராது.